மருந்து எட்டாத இடம்

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா அரை ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். நட்டு ஐந்து வாரம். போய் நின்றபோதே தெரிந்தது. குருத்து இலைகளில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன. சில செடிகளில் இலை மெலிந்து, பெரணி இலை மாதிரி நீண்டு சுருங்கிக் கிடந்தது. வரப்பில் மூன்று காலி டப்பாக்கள். ஒன்று பூஞ்சணக்கொல்லி, ஒன்று பூச்சிக்கொல்லி, ஒன்று "வைரஸுக்கென்றே" கடையில் எடுத்துக் கொடுத்த புட்டி.

"மூணு மருந்து அடிச்சாச்சு தம்பி. கேக்கவே மாட்டேங்குது. இன்னும் காட்டமா ஏதாவது இருந்தா சொல்லு."

பூச்சியைக் கொல்வதையும் மருந்து என்கிறோம், காய்ச்சலுக்குச் சாப்பிடுவதையும் மருந்து என்கிறோம். ஒரே சொல் இரண்டு வேலைக்கு வந்துவிட்டதால், அடித்தால் செடிக்குக் குணமாகும் என்று மனது தானாக எதிர்பார்க்கிறது. காய்ப்புழுவுக்கு அந்த எதிர்பார்ப்பு ஓரளவு பலிக்கும். வைரஸுக்குப் பலிக்காது. எவ்வளவு காட்டமான மருந்தானாலும் பலிக்காது. காரணம் மருந்தின் வீரியத்தில் இல்லை, செடியின் உடல் கட்டப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அன்றைக்கு வரப்பில் நின்றுகொண்டு அதைச் சித்தப்பாவுக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கையில் கொண்டுபோயிருந்த சோதனைப் பட்டையில் ஒரு இலையைக் கசக்கி நனைத்துப் பார்த்தோம். கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போலத்தான் இதுவும். இரண்டு கோடு விழுந்தது. புகையிலைத் தேமல் வைரஸ் குடும்பம். தக்காளியில் பெரும்பாலும் வருவது அதன் நெருங்கிய உறவான தக்காளித் தேமல் வைரஸ். இரண்டின் வேலைமுறையும் ஒன்றுதான். புகையிலைத் தேமல் வைரஸை நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதால் அதை வைத்தே மேலே போகலாம்.

முதலில், இது எப்படி உள்ளே வந்தது? நம் உடலைத் தாக்கும் வைரஸுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நம் செல்களுக்குச் சுவர் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டுமே. வைரஸ் அந்தச் சவ்வில் இருக்கும் ஏதோ ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். தாவர செல்லைச் சுற்றி செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. இலையின் மேல் மெழுகுப் பூச்சு வேறு. இவற்றைத் துளைக்கும் கருவி எந்தத் தாவர வைரஸிடமும் இல்லை. யாராவது காயம் உண்டாக்கித் தர வேண்டும். இலைச்சுருள் நோய்க்கு அந்த வேலையை வெள்ளை ஈ செய்கிறது. தேமல் வைரஸுக்கு அதைச் செய்வது நம் கை. பக்கக் கிளை கிள்ளும்போதும், குச்சி கட்டும்போதும், சட்டை உரசும்போதும் இலையின் மேலிருக்கும் மென்முடிகள் ஒடிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒடிசல் வழியாக, முந்தின செடியின் சாறு அடுத்த செடியின் ஒரு செல்லுக்குள் போய்விடுகிறது. சித்தப்பாவின் வயலில் நோய் பட்ட செடிகள் வரிசை வரிசையாக இருந்தன. குச்சி கட்டிய ஆள் நடந்த வழி அது.

ஒரு செல்லுக்குள் வந்தாயிற்று. அந்த ஒரு செல் செத்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்துச் செல்லுக்கும் அதே சுவர்தான். மறுபடி யார் காயம் பண்ணுவார்கள்? யாரும் பண்ண வேண்டியதில்லை. செல்லுக்குச் செல் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

1879இல் எடுவார்ட் டாங்கில் என்ற தாவரவியலர் எட்டிக்கொட்டையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். நம் ஊரில் கசப்புக்கும் நஞ்சுக்கும் பெயர்போன அதே எட்டி. தடித்த செல்சுவர்களுக்குக் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடுவது தெரிந்தது. ஒரு செல்லின் உயிர்ப்பொருள் அந்தக் கோடுகள் வழியாக அடுத்த செல்லின் உயிர்ப்பொருளோடு சேர்ந்திருக்கிறது என்று அவர் எழுதினார். 1901இல் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் வைத்த பெயரிலிருந்துதான் இன்று நாம் சொல்லும் பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற சொல் வந்தது. பள்ளிப் பாடத்தில் ஒரு படமும் ஒரு வரியுமாக இதைக் கடந்துவிடுகிறோம். அதன் பொருளை நின்று யோசிப்பதில்லை. செடி என்பது தனித்தனி அறைகளை அடுக்கிக் கட்டிய கட்டடம் இல்லை. இலையில், தண்டில், வேரில் இருக்கும் உயிருள்ள செல்களில் பெரும்பாலானவை இந்த வழிகளால் இணைந்து ஒரே தொடர்ச்சியான உயிர்ப்பொருளாக இருக்கின்றன. செல் செல்லாகத் தடுத்த ஒரே குளம் என்று வைத்துக்கொள்ளலாம்; ஒவ்வொரு தடுப்பிலும் ஆயிரக்கணக்கில் மடைகள்.

அந்த மடை மிகச் சிறியது. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால், ஒரு பிளாஸ்மோடெஸ்மாவின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். அதுவும் வெறும் ஓட்டை அல்ல. செல்லுக்குள் பரவியிருக்கும் எண்டோபிளாச வலையின் ஒரு இழை நடுவில் குச்சிபோல் புகுந்து அடுத்த செல்லுக்குப் போகிறது. குச்சிக்கும் ஓரத்துக்கும் இடையில் இருக்கும் சந்து வழியாகத்தான் போக்குவரத்து. அதில் தாராளமாகக் கடக்கக்கூடிய இடைவெளி இரண்டு மூன்று நானோமீட்டர். சர்க்கரை போகும், அமினோ அமிலம் போகும், தாது உப்புகள் போகும். பெரிய புரதம் போக முடியாது.

புகையிலைத் தேமல் வைரஸ் ஒரு விறைப்பான கோல். நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 18. இரண்டு மூன்று நானோமீட்டர் சந்தில் 18 நானோமீட்டர் கோல் நுழைய வழியில்லை. விஞ்ஞானிகளை நெடுங்காலம் குழப்பிய கணக்கு இதுதான்.

விடைக்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி: கோலாக அது போகவே வேண்டியதில்லை. கோல் என்பது 2,130 புரதத் துண்டுகள் சுற்றி அடுக்கிய மேலுறை. உள்ளே இருப்பது 6,395 எழுத்து நீளமுள்ள ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. செல்லுக்குள் வந்ததும் உறை கழன்றுவிடுகிறது. அடுத்த செல்லுக்குப் போவதற்கு இந்த வைரஸுக்கு உறை தேவையில்லை. உறைப் புரதமே செய்யத் தெரியாத திரிந்த வைரஸ்கூட இலைக்குள் செல் செல்லாகப் பரவிவிடுகிறது. ஆனால் சுருண்டு மடிந்து கிடக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் அந்தச் சந்து போதாது. அதனால் இரண்டாம் பாதி வேண்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது.

எல்எஸ்1 என்று ஒரு திரிந்த புகையிலைத் தேமல் வைரஸ் இருந்தது. 22 டிகிரி வெப்பத்தில் அது சாதாரண வைரஸ் மாதிரியே செடி முழுக்கப் பரவும். 32 டிகிரியில் வைத்தால் நுழைந்த செல்லிலேயே நின்றுவிடும். சரி, வெப்பத்தில் அதற்குப் பெருகத் தெரியவில்லை போலும் என்றுதான் யாருக்கும் தோன்றும். செல்சுவரைக் கரைத்துவிட்டுத் தனித்தனியாக எடுத்த செல்களில் ஏற்றிப் பார்த்தார்கள். 32 டிகிரியிலும் நன்றாகவே பெருகியது. ஆக, பெருகத் தெரிகிறது, நகரத் தெரியவில்லை. பழுது எங்கே என்று தேடியபோது, வைரஸ் செய்யும் விரல்விட்டு எண்ணக்கூடிய புரதங்களில் ஒன்றில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. 30,000 டால்டன் எடையுள்ள புரதம் அது.

1987இல் ரோஜர் பீச்சியின் குழு அந்த ஒரு புரதத்துக்கான மரபணுவை மட்டும் புகையிலைச் செடிக்குள் வைத்து வளர்த்தது. வைரஸே இல்லாத செடி, ஆனால் வைரஸின் ஒரு புரதத்தைத் தானே செய்கிற செடி. அதில் எல்எஸ்1 வைரஸைப் பூசி 32 டிகிரியில் வைத்தார்கள். வைரஸ் நகர்ந்தது. வைரஸிடம் பழுதாகிப்போன சாவியைச் செடியே செய்து கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து, வைரஸ் எதுவும் பூசாமலேயே இதே செடிகளின் செல்களில் ஒளிரும் சாயம் கட்டிய சர்க்கரைச் சங்கிலிகளை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். சாதாரணச் செடியில் 800 டால்டனுக்கு மேற்பட்டவை நின்ற செல்லிலேயே நின்றன. சாவிப் புரதம் உள்ள செடியில் 9,400 டால்டன் சங்கிலிகூடப் பக்கத்துச் செல்லுக்குப் போய் ஒளிர்ந்தது. மடை அகன்றிருந்தது.

இதை இன்று நகர்வுப் புரதம் என்கிறார்கள். அது பிளாஸ்மோடெஸ்மாவில் போய் உட்கார்ந்து சந்தை அகலமாக்குகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டி அதைச் சுருளவிடாமல் மெல்லிய நூலாக நீட்டவும் செய்கிறது. செடியும் சும்மா இருப்பதில்லை. கேலோஸ் என்ற பசைபோன்ற பொருளை மடைவாயில் படியவைத்து அடைக்கப் பார்க்கிறது. அந்தக் கேலோஸைக் கரைக்கும் நொதியும் செடியிடமே உண்டு. அந்த நொதி குறைந்த புகையிலைச் செடிகளில் வைரஸ் மெதுவாகத்தான் பரவியது. ஆகவே, மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் இந்தப் போட்டியில் தீர்மானிப்பது.

இப்போது காலக்கணக்கைப் பாருங்கள். முதல் செல்லிலிருந்து இரண்டாவது செல்லுக்குப் போக வைரஸுக்கு 18 முதல் 20 மணி நேரம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு செல்லையும் மூன்று நான்கு மணி நேரத்தில் தாண்டுகிறது. பெருகி, சாவியும் செய்து, தயாராகவே அடுத்த செல்லுக்குள் போகிறது என்பதால் இந்த வேகம். இப்படி மெதுவாக ஊர்ந்து இலை நரம்பை அடைந்ததும் நிலைமை மாறுகிறது. நரம்புக்குள் ஃபுளோயம், அதாவது சர்க்கரை ஓடும் குழாய் இருக்கிறது. அதில் ஏறிவிட்டால் சர்க்கரை எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் வைரஸும் போகும்.

1934இல் ஜெஃப்ரி சாமுவேல் இதைத் தக்காளியிலேயே செய்து பார்த்தார். ஒரு இலையின் நுனிச் சிற்றிலையில் மட்டும் வைரஸைப் பூசினார். பிறகு நாள்தோறும் சில செடிகளைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் வைரஸ் இருக்கிறது என்று பார்த்தார். முதல் மூன்று நாள் அந்த இலையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு தண்டில் இறங்கி முதலில் வேருக்குப் போனது. அடுத்ததாக உச்சிக் குருத்துக்கு. இரண்டும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் இடங்கள். நடுவில் இருந்த முதிர்ந்த இலைகள் தாங்களே சர்க்கரை அனுப்புகிறவை, வாங்குகிறவை அல்ல. அவற்றுக்குக் கடைசியில்தான் வந்தது. ஏறக்குறைய மூன்றரை வாரத்தில் செடி முழுக்க வைரஸ்.

தேமல் திட்டு புதிதாக வளரும் இலையில்தான் தெளிவாக விழும். வளர்ந்து முடிந்த இலையில் வைரஸ் இருந்தாலும் பளிச்சென்று தெரியாது. ஆக, குருத்தில் திட்டு தெரிகிற அன்று வைரஸ் வேருக்குப் போய்ச் சேர்ந்து நாள் கடந்திருக்கும். குருத்தைக் கிள்ளி எறிந்தால் போகும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கிள்ளிய கைதான் அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

இனி சித்தப்பாவின் மூன்று டப்பாக்களுக்கு வருவோம்.

பூஞ்சணக்கொல்லி இலையின் மேல் படலமாகப் படிகிறது. பூஞ்சண வித்து இலைமேல் விழுந்து முளைக்கும்போது அதைக் கொல்கிறது. வைரஸ் இலைமேல் முளைப்பதில்லை. ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போகையில் ஒருமுறைகூட வெளியே வருவதும் இல்லை. சுவருக்குள் இருக்கும் மடை வழியாகவே பயணம் முழுவதும் நடந்துவிடுகிறது. வெளியே எவ்வளவு கெட்டியாகப் படலம் இருந்தாலும் இரண்டும் சந்திக்க வாய்ப்பே இல்லை.

ஊடுருவும் மருந்து என்று விற்கிறார்களே, அது உள்ளே போகுமே என்று கேட்கலாம். போகும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சைலம் என்னும் நீர்க்குழாயிலும் செல்சுவர்களின் ஈரத்திலும் மேல்நோக்கிப் போகின்றன. செல்லுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அங்கே அது அடிக்க ஒன்றும் இல்லை. பூச்சிக்கு நரம்பு இருக்கிறது, அதை முடக்கலாம். பூஞ்சணத்துக்கு அதற்கே உரிய சவ்வுப் பொருள் இருக்கிறது, அதைச் செய்யவிடாமல் தடுக்கலாம். பாக்டீரியாவுக்குத் தனி ரைபோசோம் உண்டு. வைரஸுக்கு இதில் எதுவும் சொந்தமாக இல்லை. தன் புரதத்தைச் செடியின் ரைபோசோமில் செய்கிறது, செடியின் சக்தியில் செய்கிறது, செடியின் வழியில் போகிறது. அந்த இயந்திரத்தை அடித்தால் முதலில் சாவது செடி.

வைரஸின் பெருக்கத்தைக் குறைக்கும் வேதிப்பொருள் அறவே இல்லை என்று சொல்லவில்லை. மனிதர்களுக்குக் கல்லீரல் அழற்சி வைரஸுக்குக் கொடுத்துவந்த ரிபாவிரின் தாவர வைரஸ்கள் பலவற்றையும் அடக்குகிறது. ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்புக் குடுவைக்குள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வைரஸை அடக்கும் அளவும் செடியின் வளர்ச்சியைக் கெடுக்கும் அளவும் மிக நெருங்கி இருக்கின்றன. நிறுத்தினால் எங்கோ சில செல்களில் மிஞ்சியது மறுபடி பெருகிவிடும். நம் உடலில் வெள்ளை அணுக்கள் மிச்சத்தைத் தேடித் துப்புரவு செய்கின்றன. செடியில் அப்படிச் சுற்றித்திரியும் செல் கிடையாது. அதனால்தான் குடுவையில்கூட ரிபாவிரினை நம்பி முழுச் செடியைக் குணப்படுத்துவதில்லை. வைரஸ் இன்னும் எட்டாத குருத்து நுனியை, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்காக வெட்டி எடுத்துப் புதுச் செடியாக வளர்க்கிறார்கள். குணமானது பழைய செடி அல்ல.

"ஆனா அந்தப் புட்டி அடிச்ச பத்து நாள்ல புது இலை பச்சையாத்தான வந்துச்சு?" என்றார் சித்தப்பா. அவர் பார்த்தது உண்மைதான். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அப்படிப்பட்ட பல புட்டிகளில் துத்தநாகமோ தழைச்சத்தோ கலந்திருக்கும். சத்துக் குறைந்த செடிக்கு அது கிடைத்ததும் இலை கறுத்துத் திட்டை மறைக்கும். வெயில் கடுமையாகும் வாரத்திலும் தேமல் அடையாளம் மங்கும், யாரும் எதுவும் அடிக்காமலேயே. குணமா மறைவா என்று அறிய ஒரே வழி, அந்தப் பச்சை இலையையே கசக்கிப் பட்டையில் பார்ப்பது. பார்த்தோம். இரண்டு கோடு.

இலைச்சுருளுக்கு வெள்ளை ஈயை அடிப்பது வேறு கதை. அங்கே பூச்சிக்கொல்லி அடுத்த செடிக்குப் பரவுவதைக் குறைக்கலாம்; சுருண்ட செடியை நேராக்காது. தேமல் வைரஸுக்கோ சாறுறிஞ்சும் பூச்சி வாகனமே இல்லை. அதனால் சித்தப்பா அடித்த பூச்சிக்கொல்லி முழுக்க வீண்.

அப்படியானால் செடிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லையா? ஒன்று உண்டு. அதுவும் இந்த மடையைச் சுற்றியே வருகிறது. காட்டுத் தக்காளி இனம் ஒன்றிலிருந்து டிஎம்-2ஸ்கொயர் என்ற எதிர்ப்பு மரபணுவைச் சாகுபடித் தக்காளிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மரபணு செய்யும் புரதம் ஒரு காவல்காரன். அது அடையாளம் காண்பது வைரஸின் உறையை அல்ல, நகர்வுப் புரதத்தை. மடையைத் திறக்க வருகிறவனைச் சாவியை வைத்தே பிடிக்கிறது. பிடித்ததும் அந்தச் செல் வைரஸை அங்கேயே முடக்கிவிடும். சாவி இல்லாமல் வைரஸுக்கு நகர முடியாது, சாவியோடு வந்தால் மாட்டிக்கொள்ளும். இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் உடையாமல் நின்றது. தாவர நோய் எதிர்ப்பில் அவ்வளவு காலம் நிலைத்தவை குறைவு.

2014இல் இஸ்ரேலின் பசுமைக்குடில்களிலும் 2015இல் ஜோர்டானிலும், டிஎம்-2ஸ்கொயர் இருக்கும் தக்காளிகளிலேயே தேமலும் பழத்தில் பழுப்புச் சுருக்கமும் வந்தன. தக்காளி பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் என்று பெயரிட்டார்கள். இதே குடும்பம்தான். அதன் நகர்வுப் புரதத்தில் சில இடங்கள் மாறியிருந்ததால் காவல்காரனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2021இல் காட்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. இந்த மாறிய சாவி பழைய சாவி அளவுக்கு நன்றாகத் திறப்பதில்லை. செல்லுக்குச் செல் நகர்வில் இது மந்தம். மாட்டிக்கொள்ளாமல் இருக்க வைரஸ் கொடுத்த விலை அது. அந்த எதிர்ப்பு மரபணு அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சித்தப்பாவிடம் இந்த விவரமெல்லாம் அன்று சொல்லவில்லை. நோய் பட்ட செடிகளை எண்ணினோம். 40க்கு மேல் இருந்தது. குலுக்காமல், பக்கத்துச் செடியில் உரசாமல், சாக்குக்குள் நுழைத்து வேரோடு பிடுங்கினோம். நல்ல செடிகளில் வேலையை முதலில் முடித்துவிட்டு, நோய் வரிசைக்குக் கடைசியில் போகும்படி ஆட்களிடம் சொன்னார். புகையிலை போடுகிற ஆள் ஒருவர் இருந்தார். காய்ந்த புகையிலையிலும் இந்த வைரஸ் பல ஆண்டு சாகாமல் இருக்கும் என்பதால், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் செடியைத் தொடச் சொன்னோம். கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்துக் கையை அடிக்கடி அதில் நனைப்பதும் உதவும். பாலின் புரதம் வைரஸோடு ஒட்டி, புதுக் காயத்தில் அது பற்றிக்கொள்வதைத் தடுக்கிறது.

கடைசியாக விதை. போன பருவத்தில் தன் வயல் பழத்திலிருந்தே விதை எடுத்திருந்தார். தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் உள்ளே இருக்கும் முளைக்கருவுக்கு அது பெரும்பாலும் போவதில்லை. செடி முழுக்க மடைகள் இருக்கையில், தாயின் திசுவுக்கும் கருவுக்கும் இடையில் மட்டும் அந்த இணைப்பு இல்லை. கருவுக்கு உணவு வெளியே கசிந்து, மறுபடி உறிஞ்சப்பட்டே போய்ச் சேர்கிறது. மடை இல்லாததால் வைரஸ் வாசலிலேயே நிற்கிறது. வாசலில் நிற்பதை மருந்து எட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் டிரைசோடியம் பாஸ்பேட் கரைத்து, விதையைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

சித்தப்பா காலி டப்பாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டார். "அப்ப விதைக்குத்தான் மருந்து, செடிக்கு இல்ல" என்றார். அடுத்த நாற்றங்காலுக்கு எடுத்து வைத்திருந்த விதைப் பொட்டலத்தைக் கொண்டுவர வீட்டுக்குள் போனார்.